பேசாத வீடும் கத்துகிற வீடும்

நான் வளர்ந்த வீட்டில் குரல் உயர்வது மிக அரிது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தார். வாத்தியார் வீட்டில் சத்தமே கேட்காது என்று தெருவில் மெச்சிக்கொள்வார்கள். அப்பாவுக்குக் கோபம் வராமல் இல்லை. வந்தால், அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். அது சில சமயம் ஒரே மாலையில் முடிந்துவிடும். சில சமயம் வாரக்கணக்கில் நீளும். காலையில் அவர் காப்பி டம்ளரைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்து போனால், சட்டையை அவரே எடுத்து இஸ்திரி போடத் தொடங்கினால், அன்றைக்கு வீடு எப்படி இருக்கும் என்பது பள்ளிக்குக் கிளம்பும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த நாட்களில் செய்தி கொண்டுபோவது மூத்த பெண்ணான என் வேலை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார் அம்மா. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அது கேட்டிருக்கும். ஆனாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் எழுவார். "பசிக்கலைன்னு சொல்லிடு" என்று அவர் சொன்னால், அதை அப்படியே அம்மாவிடம் சொல்லாமல், "கொஞ்ச நேரம் கழிச்சு வர்றாராம்" என்று மாற்றிச் சொல்வேன். அம்மா எரிச்சலோடு சொன்னவற்றில் பாதியை நடுவழியிலேயே உதிர்த்துவிடுவேன். கோபத்தைத் தணிக்கும் பொறுப்பு எனக்கு இருப்பதாக யாரும் சொல்லவில்லை என்றாலும், நான் நல்லபடியாகச் சொன்னால் விரைவில் பேசிக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

குடும்பங்களை ஒரே அமைப்பாகப் பார்க்கும் சிகிச்சைமுறையின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன், இதற்கு முக்கோணம் என்று பெயர் வைத்தார். இருவருக்கிடையே பதற்றம் தாங்க முடியாத அளவுக்கு ஏறும்போது, மூன்றாவதாக ஒருவரை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் பதற்றத்தை மூவருக்குமாகப் பரப்பிக்கொள்கிறார்கள் என்பது அவருடைய விளக்கம். இருவருக்கும் அப்போதைக்குச் சற்று இலேசாகிவிடும். அதனாலேயே அவர்கள் நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய தேவையும் குறைந்துவிடும். என் தூது எங்கள் வீட்டு மௌனத்தைச் சுருக்கியதாக நான் நினைத்திருந்தேன். மௌனம் அத்தனை நாள் நீள முடிந்ததே அந்தத் தூதினால்தான் என்று இப்போது தோன்றுகிறது. சாப்பாடும் துணியும் செலவுப்பணமும் என் வழியாகத் தடையில்லாமல் போய் வந்துகொண்டிருக்கும்போது, பேசியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இருவருக்கும் வரவே இல்லை.

அந்தக் கோபங்கள் எப்படி முடிந்தன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருமணத்துக்குப் பிறகு என்னை மிகவும் படுத்தியது அதுதான். அவை முடிக்கப்படவே இல்லை, நின்றுபோயின. ஊரிலிருந்து யாராவது உறவினர் வருவார், அல்லது எங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், அல்லது ஒருநாள் காலை அப்பா, "என் கண்ணாடியைப் பார்த்தியா?" என்று அம்மாவிடம் நேராகக் கேட்பார். அத்துடன் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எதற்காகக் கோபம், யார் மேல் தவறு, இனி என்ன செய்வது என்ற பேச்சே எழாது. ஆகவே கோபம் என்பது யாரோ ஒருவரின் மனநிலை மாறும்வரை காத்திருக்க வேண்டிய ஒன்று என்றுதான் நான் கற்றுக்கொண்டேன். அதைப் பேசி முடிக்கலாம் என்பதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

என் கணவர் வளர்ந்தது மதுரையில், இரும்புக்கடை வைத்திருந்த கூட்டுக் குடும்பத்தில். திருமணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதா வேண்டாமா என்பது குறித்து அங்கே கூடத்தில் பேச்சு எழுந்தது. ஐந்தே நிமிடத்தில் மாமனார், பெரிய மச்சினர், என் கணவர் மூவரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். சமையலறையிலிருந்தபடியே அத்தையும் தன் பங்குக்குக் குரல் கொடுத்தார். குடும்பம் அன்றோடு பிரிந்துவிட்டது என்று எண்ணி நான் மாடிக்குப் போய் அறையில் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி கழித்து அத்தை மேலே வந்து, "என்னம்மா, தலை வலிக்குதா? இலை போட்டாச்சு, வா" என்றார். கீழே வந்தால், கத்திய மூவரும் அருகருகே உட்கார்ந்து, குழம்பில் உப்பு குறைவு என்பதில் ஒருமித்த கருத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பது பற்றி அப்போதும் எந்த முடிவும் எட்டப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த இரண்டு வீடுகளில் எது ஆரோக்கியமானது என்ற கேள்வி பயனற்றது என்பது என் கருத்து. மனம்விட்டுப் பேசும் குடும்பம் உயர்ந்தது, அடக்கி வைக்கும் குடும்பம் தாழ்ந்தது என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். என் கணவர் வீட்டில் எல்லோரும் மனம்விட்டுத்தான் கத்தினார்கள்; ஆனாலும் ஒரே சண்டை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்தது. இரண்டு வீடுகளிலும் கோபம் வெளிப்பட்டது, பிறகு தணிந்தது. எது கோபத்தை உண்டாக்கியதோ அது மட்டும் தீர்க்கப்படவில்லை. வேறுபாடு, கோபத்தின் எந்த வடிவம் எங்களுக்குப் பழக்கமானது என்பதில்தான் இருந்தது.

இது எங்கள் இருவருக்கிடையே எப்படி வேலை செய்தது என்பதை ஒரு சண்டையை வைத்துச் சொல்கிறேன். அந்த ஆண்டு பொங்கல் விடுமுறையில் அம்மாவுக்குக் கண்புரை அறுவைசிகிச்சை முடிந்திருக்கும் என்பதால், நான் ஊருக்குப் போய் உடனிருப்பதாக இருந்தேன். ஒரு மாலை என் கணவர் தொலைபேசியில் தன் அண்ணனிடம், "நாங்க எல்லாரும் போகிக்கே வந்துடுறோம்" என்று சொல்வது பக்கத்து அறையிலிருந்த என் காதில் விழுந்தது. பேசி முடித்து வந்து என்னிடமும் அதைச் சொன்னார். நான் "சரி" என்றேன். துவைத்த துணிகளை எடுத்துவந்து மடிக்கத் தொடங்கினேன். என் முகத்தைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மறுபடி கேட்டார், அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது அவர் குரல் ஏறியிருந்தது. நான் எழுந்து சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன். அவர் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றுகொண்டு, "வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்!" என்று கத்தினார். அப்போது எட்டு வயதான எங்கள் மகள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளை அழைத்து, "அப்பாவை ஹாலுக்குப் போகச் சொல்லு" என்றேன்.

வெளியிலிருந்து பார்த்தால், கத்துகிற கணவன், பொறுத்துப்போகிற மனைவி என்று தோன்றும். உண்மையில் நான் பொறுத்துப்போகவில்லை. துணி மடித்ததும் பாத்திரம் கழுவியதும் என் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டதற்குச் சமமான செயல்கள். நான் கோபமாக இருக்கிறேன் என்று அறிவித்துவிட்டு, ஏன் என்பதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் வழி. அவரும் மிரட்டுவதற்காகக் கத்தவில்லை. அவருடைய வீட்டில் குரலை உயர்த்தினால் எதிராளியும் உயர்த்துவார். இருவரும் மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடுவார்கள். பிறகு சாப்பிடப் போகலாம். என்னிடமிருந்து பதில் குரல் வராததால், இன்னும் சத்தம் போதவில்லை என்றே அவர் உடல் எடுத்துக்கொண்டது. அவர் குரல் ஏற ஏற நான் இறுகினேன். நான் இறுக இறுக அவர் குரல் ஏறியது.

இந்தச் சுழலுக்கு ஆய்வுலகில் நீண்ட வரலாறு உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், தம்பதிகளில் ஒருவர் வற்புறுத்த மற்றவர் விலகுகின்ற இந்த ஒழுங்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கிறிஸ்டோபர் ஹீவி என்பவரோடு சேர்ந்து 1990ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வில் எனக்கு மிகவும் உதவிய செய்தி ஒன்று இருந்தது. யார் வற்புறுத்துகிறார், யார் விலகுகிறார் என்பது அவரவர் இயல்பை மட்டும் பொறுத்ததன்று. எந்த விஷயம் பேசப்படுகிறது, அதில் மாற்றத்தை விரும்புபவர் யார் என்பதையும் பொறுத்தது. இதைப் படித்த பிறகு எங்கள் சண்டைகளைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அவர் நண்பருக்குக் கொடுத்த கைமாற்று பற்றி நான் கேட்ட நாட்களில் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டவர் அவர்தான். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தவள் நான். ஆக, அவர் கத்துகிற ரகம், நான் மௌனமான ரகம் என்று நாங்கள் ஒட்டிக்கொண்டிருந்த பட்டங்கள் பாதிதான் சரி. சிறுவயதுப் பழக்கம் எங்களை ஒரு பக்கம் சாய்த்திருந்தது. முழுவதையும் அது தீர்மானிக்கவில்லை.

பொங்கல் சண்டைக்குப் பிறகு, சென்னையில் ஒரு குடும்பநல ஆலோசகரிடம் போனோம். அவர் முதலில் எங்கள் சண்டையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, தாத்தா பாட்டி தொடங்கி மூன்று தலைமுறைக்கு வரைபடம் போடச் சொன்னார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், அவர்களை இணைக்கும் கோடுகள். குடும்பச் சிகிச்சையாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் முறை இது. பிறகு அந்த வரைபடத்தில் ஒவ்வொருவரையும் சுட்டிக்காட்டிக் கேள்விகள் கேட்டார். இந்த வீட்டில் கோபப்படும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை? கோபம் வந்துவிட்டது என்பதை எந்த அடையாளத்தால் தெரிந்துகொள்வீர்கள்? அப்போது பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், என்ன செய்வார்கள்? அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும்? முடிந்துவிட்டது என்பது எப்படித் தெரியும்? கடைசியாக, எந்தக் கோபம் உறவையே முறித்தது?

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நாங்கள் இருவரும் எதிர்பாராத பதில்கள் கிடைத்தன. மதுரை வீட்டில் தினமும் நடந்த கத்தலால் யாரும் பிரியவில்லை. ஆனால் என் கணவருக்குப் பத்து வயது இருக்கும்போது, அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் திடீரென்று ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தினார்கள். கத்தல் இல்லை, வாக்குவாதம் இல்லை. சில மாதங்களில் கடை இரண்டாகப் பிரிந்தது. சித்தப்பா பிள்ளைகளோடு அவர் பிறகு விளையாடவே இல்லை. அந்த வீட்டில் அவர் கண்ட ஒரே மௌனம், உறவு முறிந்ததன் அறிகுறி. என் பக்கத்தில், எங்கள் வீட்டில் குரல் உயர்ந்ததாக எனக்கு நினைவிருப்பது ஒரே ஓர் இரவு. நிலம் தொடர்பாக அப்பாவும் மாமாவும் வாசலில் நின்று கத்தினார்கள். அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனார். அந்த மாமா வீட்டுப் படியை அதற்குப் பிறகு நாங்கள் மிதிக்கவில்லை.

அன்றாடம் பார்த்த கோபம் பிள்ளைகளுக்கு எவ்வளவோ கஷ்டமாக இருந்தாலும், அதன் எல்லை அவர்களுக்குத் தெரியும். அது எங்கே போய் நிற்கும் என்பது பழகிவிடும். எப்போதோ ஒருமுறை வந்த வடிவத்துக்கு அப்படி எல்லை தெரியாது. அதோடு ஓர் இழப்பும் சேர்ந்து வந்திருந்தால், அந்த வடிவமே ஆபத்தின் அடையாளமாகப் பதிந்துவிடுகிறது. நான் பேசாமல் பாத்திரம் கழுவியபோது, அவருக்குள் இருந்த பத்து வயதுப் பையன் கடை பிரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கத்தியபோது நான் பாட்டி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு எங்கே போவது என்ற கேள்வி, அதன் அளவுக்கு மீறிய பயத்தை இருவரிடமும் கிளப்பியதற்குக் காரணம் இதுதான் என்று நம்புகிறேன். இதை ஒரு விதியாகச் சொல்லவில்லை; எங்கள் இரண்டு வீடுகளுக்கும் இது பொருந்தியது. உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமானால், உங்கள் துணையின் எந்தச் செய்கை உங்களுக்கு எரிச்சலை மட்டும் தருகிறது, எது வயிற்றைப் பிசைகிறது என்று பிரித்துப் பாருங்கள். வயிற்றைப் பிசைவது எதுவோ, அதற்கு இணையானதைச் சிறுவயதில் எத்தனை முறை பார்த்தீர்கள், அதன் முடிவில் யாரை இழந்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வரைபடத்தை உடன்பிறந்தவர்களோடும் ஒருமுறை பேசிப் பார்ப்பது நல்லது. ஒரே வீட்டில் வளர்ந்த என் தம்பி, தன் மனைவியிடம் கத்துகிறவனாக ஆகியிருக்கிறான். கடைக்குட்டி என்பதால் அவனிடம் யாரும் தூது சொல்லி அனுப்பியதில்லை. அந்த மௌன நாட்களில் அவனை யாரும் கவனித்ததும் இல்லை. சத்தம் போட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தான் கண்டுகொண்டதாகச் சொன்னான். நானறியாத ஒன்றையும் அவன் சொன்னான்: பேசாமல் இருந்த நாட்களிலும், அம்மா எழுவதற்கு முன் அப்பா தெருக்குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து வைத்துவிடுவாராம். குடும்பத்தின் பழக்கம் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரே அச்சாக இறங்குவதில்லை. அந்த வீட்டில் யாருக்கு எந்த வேலை விழுந்தது என்பதைப் பொறுத்தே இறங்குகிறது.

காரணம் தெரிந்துவிட்டதாலேயே உடல் கேட்டுவிடுவதில்லை. அடுத்த முறை அவர் குரல் ஏறியபோதும் என் கைகள் குளிர்ந்தன. கணவன் மனைவி சண்டைகளை ஆய்வகத்தில் வைத்துப் பல ஆண்டுகள் கவனித்த ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் அளவுக்கு ஒருவர் கொதித்துவிட்டால், எதிராளி சொல்வதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் திறன் குறைந்துவிடுகிறது என்கிறார். அதிலிருந்து உடல் இறங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடங்கள் வேண்டும் என்பதும் அவர் சொல்வதுதான். ஒரு சோதனையில், சண்டை முற்றிய வேளையில் கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று தம்பதிகளிடம் சொல்லி, அரை மணி நேரம் அந்தப் பேச்சை விட்டுப் பத்திரிகை படிக்கச் செய்தார்கள். அதன் பிறகு பேச்சைத் தொடர்ந்தபோது துடிப்பு இறங்கியிருந்தது. பேச்சும் பயனுள்ளதாக மாறியிருந்தது.

இடைவேளை எடுங்கள் என்பது எல்லோரும் தரும் அறிவுரைதான். ஆனால் மௌன வீட்டில் வளர்ந்தவருக்கு அதை அப்படியே தருவது ஆபத்து. எனக்கு அது, ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைத் தொடர்வதற்கான அனுமதிச் சீட்டாகத்தான் முதலில் இருந்தது. இடைவேளை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய், இரவு முழுவதும் வெளியே வராமல் இருக்கலாம். அவருக்கோ அது பழைய மௌனமேதான். ஆகவே ஆலோசகர் அதற்குச் சில கட்டுப்பாடுகள் வைத்தார். விலகுபவர் விலகும் முன், எதைப் பற்றிக் கோபம் என்பதை ஒரு வாக்கியத்திலாவது சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்பி வந்து பேசுவது என்பதையும் அவரே சொல்ல வேண்டும்; அந்த நேரம் வந்ததும் பேச்சை மறுபடி எடுக்கும் கடமையும் அவருடையதே. "என்னைக் கேக்காம அண்ணன்கிட்ட சொன்னது எனக்குக் கோபம். இப்போ பேசினா அழுதுடுவேன். ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்பது நான் மனப்பாடம் செய்துகொண்ட வடிவம். முதல் வாக்கியம்தான் எனக்குக் கடினம். நேரம் சொல்வது கூட எளிதாக வந்துவிட்டது. காரணத்தை வாய்விட்டுச் சொல்வது, எங்கள் வீட்டில் ஒருவரும் செய்து பார்த்திராத காரியம்.

அந்த இடைவேளையில் என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். நான் அறையில் உட்கார்ந்து, ஒன்பது மணிக்கு என்னென்ன சொல்லப்போகிறேன் என்று மனத்துக்குள் வழக்கை வளர்த்துக்கொண்டிருந்தால், அரை மணி முடிவில் கோபம் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. ஆய்வகத்தில் பத்திரிகை படிக்கச் சொன்னதன் பொருள் அதுதான். எனக்குக் கீரை ஆய்வது ஒத்துவருகிறது. அவருக்கு என் பின்னால் வராமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பது முடியாத காரியம் என்பதால், தெருமுனைக் கடைக்குப் போய் மறுநாளைக்குப் பால் பாக்கெட் வாங்கி வருவது என்று வைத்துக்கொண்டார். இது இடைவேளையா தண்டனையா என்று கண்டுகொள்ள எங்களுக்கு ஒரு சோதனை உண்டு: அந்த நேரத்தில் அவர் சாதாரணமாக ஏதாவது கேட்டால், உதாரணத்துக்குச் சாவி எங்கே என்று கேட்டால், நான் நேராகப் பதில் சொல்கிறேனா? சொன்னால் இடைவேளை. மகளைப் பார்த்துப் பதில் சொன்னால் அது என் அப்பாவின் மௌனம்.

அவர் பக்கத்தில், குரலைக் குறை என்று சொல்லிப் பயனில்லை என்று விரைவில் தெரிந்தது. தன் குரல் உயர்ந்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அதைவிட, அவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் என்னை அதிகம் பாதித்தது என்பதைக் கண்டுபிடித்தோம். வாசற்படியில் நின்றால் நான் வெளியே போக வழியில்லை. உட்கார்ந்துகொண்டு அதே சத்தத்தில் பேசினால் என்னால் கேட்க முடிகிறது. உட்கார் என்று சொன்னால் அவரால் செய்ய முடிகிறது. கத்தாதே என்றால் முடிவதில்லை.

மகளைப் பற்றிச் சொல்கிறேன். பொங்கல் சண்டையின்போது நான் சொன்னபடி அவள் கூடத்துக்குப் போய் அப்பாவிடம் ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்து, "அப்பா ஸாரின்னு சொல்லச் சொன்னார்மா" என்றாள். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் கற்றுக்கொடுக்காமலே அவள் செய்தியைத் திருத்தத் தொடங்கியிருந்தாள். ஆலோசகரிடம் போகலாம் என்று நான் முடிவு செய்தது அதன் பிறகுதான்.

பெற்றோர் சண்டையைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை நெடுங்காலம் ஆராய்ந்த மார்க் கம்மிங்ஸ் என்பவரின் ஆய்வுகள், பெரியவர்கள் பேசாமல் முறைத்துக்கொண்டிருப்பதும் பிள்ளைகளைக் கலக்குகிறது என்று காட்டியிருக்கின்றன. சண்டை தீர்ந்ததைக் கண்டால் அவர்களின் கலக்கம் பெருமளவு குறைகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் தீர்த்துக்கொண்டாலும், தீர்ந்துவிட்டது என்று பிறகு விளக்கிச் சொன்னால் பயன் உண்டு. இதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் செய்தோம். பேசி முடித்த பிறகு இருவரும் சேர்ந்தே மகளிடம் சொல்கிறோம்: எதற்காகக் கோபம் வந்தது, என்ன முடிவு செய்தோம் என்று இரண்டு வாக்கியம். அவளுக்குத் தேவையில்லாத விவரத்தைச் சொல்வதில்லை. யார் சரி என்று கேட்டால் பதில் சொல்வதில்லை. அவளிடம் தூது போகச் சொல்லும் வாக்கியம் இன்றும் என் நாக்கு நுனிக்கு வருகிறது. பாதி வந்த பிறகு நிறுத்தியதும் உண்டு.

இந்த அறிவைத் தவறாகப் பயன்படுத்துவதும் எளிது என்பதைச் சொல்லியாக வேண்டும். வரைபடம் போட்ட சில வாரங்களிலேயே, "அப்படியே உங்கப்பா மாதிரி ஆரம்பிச்சுட்டே" என்று அவரும், "இது உங்க கடை இல்லை" என்று நானும் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டோம். ஒருவர் தன் சிறுவயதைப் பற்றி நம்பிச் சொன்னதை அவருக்கு எதிராகவே எடுத்து வீசினால், அவர் மறுபடி எதையும் சொல்ல மாட்டார். எங்களுக்குள் இப்போது உள்ள ஏற்பாடு, தன் வீட்டைப் பற்றித் தான்தான் சொல்லலாம் என்பது: "நான் எங்கப்பா மாதிரி பண்றேன்னு நினைக்கிறேன்" என்று நான் சொல்லலாம், அவர் சொல்லக் கூடாது. இன்னொரு தவறு, எல்லாவற்றையும் சிறுவயதின் கணக்கில் எழுதிவிடுவது. என்னைக் கேட்காமல் எனக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தது உண்மையிலேயே நியாயமற்ற செயல். என் அப்பா கலகலப்பாகப் பேசுகிறவராக இருந்திருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும். அதற்குத் தீர்வு வரைபடத்தில் இல்லை. விடுமுறை, பணம் இரண்டு பற்றியும் யார் தொலைபேசியில் கேட்டாலும், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்வது என்ற விதிதான் தீர்வாக அமைந்தது. அந்தப் பொங்கலுக்கு நானும் மகளும் அம்மாவிடம் போனோம். அவர் போகிக்கு மதுரை போய், காணும் பொங்கலன்று எங்களிடம் வந்து சேர்ந்தார்.

நான் எழுதியிருப்பது எல்லாம், இருவரும் ஒருவரிடம் ஒருவர் கோபத்தைக் காட்டப் பயப்படாத வீட்டுக்கே பொருந்தும். அடி விழும் என்ற பயமோ, பொருட்கள் உடைபடுவதோ, பணத்தையோ தொலைபேசியையோ பிடுங்கி வைத்துக்கொள்வதோ இருக்குமானால், அங்கே இடைவேளையும் வரைபடமும் பேசுவதில் பொருளில்லை. அவன் சிறுவயதில் என்ன பார்த்தான் என்று புரிந்துகொள்ளும் பொறுப்பு அடிவாங்குபவருக்கு இல்லை. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் செய்யும் கொடுமையையும் வன்முறையாகவே கொள்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181.

எங்கள் முறை எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. காரில் போகும்போது சண்டை வந்தால் விலகிப் போக இடமில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி ஒருவர் இறங்கிக் கொஞ்சம் நடப்பதுதான் வழி, நெடுஞ்சாலையில் அதுவும் இயலாது. மிகவும் சிக்கலான இடம் மதுரை வீடு. அங்கே ஒருவர் எழுந்து மாடிக்குப் போனாலே, என்னவோ பெரிதாக நடந்துவிட்டது என்று அத்தை மேலே வந்துவிடுவார். சென்ற முறை அப்படி வந்தபோது, ஒன்றுமில்லை என்று சொல்வதற்குப் பதிலாக, "ஆமாங்க அத்தை, சண்டைதான். எட்டரைக்குப் பேசி முடிச்சுடுவோம்" என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, கீழே போய்த் தன் மகனிடம், "சண்டைக்குக்கூட நேரம் குறிப்பீங்களாடா? அப்போ சாப்பாடு எட்டரைக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று வீடே கேட்கும்படி விசாரித்தார். பின்னாடி என்று முடிவாயிற்று.